முதல் அறுபது டிக்கெட்டுகள்

குடியிருப்போர் சங்கமோ ஊர்க் கலை மன்றமோ கட்டண இசை நிகழ்ச்சி நடத்த முடிவெடுத்தால், பக்கத்து ஊரில் போன வருடம் என்ன விலை வைத்தார்கள் என்றுதான் முதலில் விசாரிப்பார்கள். அங்கே ஸ்பான்சர் எவ்வளவு கொடுத்தார், எத்தனை நாற்காலி காலியாகக் கிடந்தது என்பதை யாரும் விசாரிப்பதில்லை. விலையை நம் செலவிலிருந்துதான் கணக்குப் போட வேண்டும்.

நானூறு இருக்கைகள் உள்ள ஒரு அரங்கில் மெல்லிசைக் குழுவின் கச்சேரி என்று வைத்துக்கொள்வோம். அரங்க வாடகை 30,000, ஒலி ஒளிக்கு 30,000, கலைஞர்களுக்கு 70,000, திரைப்பாடல்களுக்கான உரிமக் கட்டணம், போஸ்டர், சாப்பாடு எல்லாம் சேர்த்து 20,000. மொத்தம் ஒன்றரை லட்சம். எதிர்பாராத செலவுக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 1,65,000. ஸ்பான்சர் கொடுத்த 50,000 வங்கிக் கணக்கில் வந்துவிட்டது. அதைக் கழித்தால் டிக்கெட்டிலிருந்து வர வேண்டியது 1,15,000 ரூபாய். தருவதாகச் சொன்ன பணத்தை, கைக்கு வரும்வரை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

இந்தத் தொகையை நானூறால் வகுக்கும் இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஸ்பான்சருக்கும் கலைஞர் குடும்பங்களுக்கும் தொண்டர்களுக்கும் பாஸ் கொடுத்தது போக, விற்பதற்கு 360 இருக்கைதான் மிஞ்சும். அதிலும் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 240 விற்றாலே கையைக் கடிக்காத அளவுக்குத் திட்டமிடுவது நல்லது. அப்படி வகுத்தால் ஒரு டிக்கெட்டுக்குச் சராசரியாக 480 ரூபாய் கிடைத்தாக வேண்டும்.

இதைப் படிகளாகப் பிரிக்கலாம். முதலில் வாங்கும் 60 பேருக்கு 400 ரூபாய், அடுத்த 140 பேருக்கு 500, கச்சேரியன்று வாசலில் 600. வாசலில் 40 டிக்கெட் போனால் மொத்தம் 1,18,000 வரும். முன்பதிவுச் சலுகை என்பது ரசிகருக்கு நாம் தரும் பரிசு மட்டுமல்ல. அரங்கத்துக்கும் ஒலி அமைப்பாளருக்கும் முன்பணம் கொடுக்க அந்தக் காசுதான் கை கொடுக்கிறது. நிகழ்ச்சிக்கு ஆள் வருமா என்பதும் அதிலேயே தெரிந்துவிடுகிறது.

அதனால் சலுகைக்குத் தேதி மட்டும் வைத்தால் போதாது, எண்ணிக்கையும் வேண்டும். ‘மாதக் கடைசி வரை 400’ என்று மட்டும் அறிவித்து, 150 பேர் வாங்கிவிட்டால் என்ன ஆகும்? அதில் 60,000 வரும். பிறகு 500-க்கு 70, வாசலில் 20 என்று விற்றாலும் மொத்தம் 1,07,000தான். அதே 240 பேர் உட்கார்ந்திருப்பார்கள், ஆனால் 8,000 ரூபாய் துண்டு விழும். ‘முதல் 60 டிக்கெட் அல்லது இந்தத் தேதி, எது முந்துகிறதோ அதுவரை’ என்பதே பாதுகாப்பான அறிவிப்பு. மூன்று படிகளின் விலையையும் முதல் நோட்டீஸிலேயே போட்டுவிட வேண்டும்.

அறிமுகமானவர்கள் முதலில் மளமளவென்று வாங்குவார்கள். நடுவில் விற்பனை அப்படியே படுத்துவிடும். கடைசி வாரத்தில் மறுபடி எழும். அந்த நடுக்காலத்தில் பதறி விலையைக் குறைப்பதைப் போலக் கெடுதலானது வேறில்லை. முந்தி வாங்கியவர் ஏமாந்தவராகிறார். அடுத்த வருடம் அவரும் கடைசி நேரம்வரை காத்திருப்பார். முதல் 60 டிக்கெட்டே நகரவில்லை என்றால், பெரும்பாலும் சேதி இன்னும் ஊருக்குள் பரவவில்லை என்றுதான் பொருள். விலையில் கை வைக்காமல், பள்ளி வாசலிலும் கோயில் தெருவிலும் நோட்டீஸ் கொடுக்க ஆள் அனுப்புவதே சரி. மாணவர்களுக்குக் குறைந்த விலை தர விரும்பினால் அதையும் முதல் நாளே அறிவித்துவிடலாம்.

வரியையும் மறக்கக் கூடாது. இசை நிகழ்ச்சிக்கு ஒருவருக்கு 500 ரூபாய் வரையிலான நுழைவுக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. அதைத் தாண்டினால், ஜிஎஸ்டி பதிவு பெற்ற அமைப்பு முழுத் தொகைக்கும் 18 சதவீதம் கட்ட வேண்டும். வரியைச் சேர்த்து 600 என்று விற்கும் டிக்கெட்டில் சங்கத்துக்கு நிற்பது ஏறக்குறைய 508 ரூபாய். மேலே சொன்ன கணக்கில் வாசல் விற்பனை இப்படிச் சுருங்கினால், 240 டிக்கெட் விற்ற பிறகும் சில நூறு ரூபாய் குறையும். 501-லிருந்து 589 வரை எந்த விலை வைத்தாலும் 500-க்கு விற்பதைவிடக் குறைவாகவே கிடைக்கும். உள்ளாட்சியின் கேளிக்கை வரி உண்டா என்பதையும் விலையை அச்சிடுவதற்கு முன்பே விசாரித்துவிட வேண்டும்.

பதிவு பெற்ற சங்கம் என்றால் நான் இரண்டே படிகள் வைப்பேன்: முதல் 60 பேருக்கு 450, மற்ற எல்லோருக்கும் 500. அதே 240 டிக்கெட்டில் 1,17,000 வந்துவிடும். ஐம்பது ரூபாய்க்காக யார் முந்தி வாங்குவார்கள் என்று கேட்கலாம். அந்த 60 பேருக்கு இருக்கையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் கொடுத்துவிடுங்கள். மூன்றாவது வரிசை நடு நாற்காலிக்காக முந்திக்கொள்ளும் ரசிகர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், அதற்குச் சங்கத்துக்கு ஒரு காசு செலவில்லை.