மோடத்தில் சிவப்பு விளக்கு: ஒளி எங்கே நின்றது?

ஃபைபர் மோடத்தில் LOS என்ற எழுத்துக்கு மேல் சிவப்பு மினுங்கத் தொடங்கியதும் பெரும்பாலானோர் செய்வது, மோடத்தை அணைத்து அணைத்துப் போடுவதுதான். இந்தக் கோளாறில் அதற்குப் பலன் அநேகமாக இருக்காது. நிறுவனத்தின் கருவியிலிருந்து கண்ணாடி இழை வழியே வர வேண்டிய ஒளி வரவில்லை, அல்லது மோடம் படிக்க முடியாத அளவுக்கு மங்கிவிட்டது என்பதே அந்த விளக்கின் பொருள். வைஃபைக்கோ கடவுச்சொல்லுக்கோ இதில் தொடர்பில்லை.

பக்கத்தில் உள்ள PON விளக்கையும் பார்க்க வேண்டும். சிவப்பு இல்லாமல் PON மட்டும் விட்டுவிட்டு எரிந்தால், ஒளி வருகிறது, ஆனால் இணைப்பு பதிவாகவில்லை என்று பொருள். PON நிலையாகப் பச்சையில் இருந்தும் இணையம் இல்லையென்றால், கணக்கிலோ அமைப்பிலோ சிக்கல் இருக்கலாம்.

ஒளி எவ்வளவு மங்கியது என்பதை மோடமே காட்டும். உலாவியில் 192.168.1.1 போன்ற அதன் முகவரியைத் திறந்தால், பல மோடங்களில் Rx Power என்ற வரி dBm அளவில் இருக்கும். வீட்டு இணைப்புகளில் பொதுவாக -27 வரை மோடம் தாங்கும். அதற்குக் கீழே தடுமாறும்.

ஒரு வீட்டில் எப்போதும் -20 காட்டிய அளவு, மழைக்குப் பிறகு -29 ஆனது என்று கொள்வோம். வேறுபாடு 9 தானே என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு 3 குறையும்போதும் ஒளி பாதியாகிறது. மூன்று முறை பாதியானால் மிஞ்சுவது எட்டில் ஒரு பங்கு. இழை முழுதாக அறுந்திருந்தால் இதைவிட மிகத் தாழ்ந்த எண் வரும், அல்லது எண்ணே வராது. ஆகவே -29 என்பது அறுந்த கம்பியைவிட, கூர்மையாக மடங்கிய இழையையோ, அழுக்கேறிய இணைப்பையோ, தண்ணீர் புகுந்த ஒட்டுப்பெட்டியையோ சந்தேகிக்க வைக்கிறது.

வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். அலமாரிக்குப் பின்னால் இழை நசுங்கியிருக்கிறதா, மோடத்தில் செருகிய பச்சை முனை தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கலாம். கழற்றிய முனையைக் கண்ணருகே கொண்டுபோகக் கூடாது: அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி.

புகாருக்கு "நெட் வேலை செய்யவில்லை" என்பது போதாது. விளக்குகள் தெரியும் படம் அல்லது சிறு காணொளி, Rx Power திரைப்படம், தொடங்கிய தேதியும் நேரமும், அப்போது மழையோ தெருவில் பள்ளம் தோண்டலோ நடந்ததா, அதே நிறுவனத்தின் இணைப்புள்ள பக்கத்து வீட்டிலும் நின்றதா என்ற தகவல் ஆகியவை வேண்டும். இணைப்பு நன்றாக இருக்கும் நாளிலேயே ஒருமுறை Rx Power எண்ணைப் படமெடுத்து வைத்திருப்பது இவை எல்லாவற்றையும்விடப் பயன்படும். ஒப்பிட அதுதான் ஆதாரம். வேகச் சோதனை முடிவு இங்கே உதவாது.

பழுது பார்க்க வருபவர் இழையின் முனையில் பவர் மீட்டர் வைத்து அளப்பார். அங்கே -20 காட்டியும் மோடம் சிவப்பிலேயே நின்றால் கோளாறு பெட்டியில். அங்கேயே -29 என்றால் கோளாறு வெளியே உள்ள கம்பியில். அந்த அளவையும் படமெடுத்து, புகார் எண்ணோடு சேர்த்து வைக்க வேண்டும். இந்தியாவில் புகார் மையம் தீர்க்காவிட்டால், அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்புக்குப் போகலாம். அங்கே அந்தப் புகார் எண் தேவைப்படும்.