சிம்னிக்குள் எண்ணெய் எங்கே தங்குகிறது?

வடை பொரிக்கும்போது எழும் புகையில் நுண்ணிய எண்ணெய்த் துளிகளும் மிதக்கின்றன. மெஷ் ஃபில்டர் என்பது அடுக்கடுக்கான கம்பிவலை. துளிகள் அதில் ஒட்டி, ஆறி, பிசினாகி வலைக்கண்களை அடைத்துவிடும். தினமும் தாளிக்கும் வீட்டில் சில வாரங்களிலேயே மோட்டார் இரையும், புகையோ அடுப்பின் மேலேயே சுழலும். சிம்னியை ஓடவிட்டு, ஃபில்டரின் அடியில் ஒரு மெல்லிய தாளைப் பிடித்துப் பாருங்கள். அது ஒட்டி நிற்காவிட்டால் பெரும்பாலும் அடைப்புதான்.

பேஃபிள் ஃபில்டரில் வலையே இல்லை. வளைந்த தகடுகளுக்கிடையே காற்று சட்டெனத் திரும்பும். கனமான துளிகள் திரும்ப முடியாமல் தகட்டில் மோதி, வழிந்து கிண்ணத்தில் சேரும். நம் சமையலுக்கு இதுவே சரி என்பேன். ஆனாலும் மாதம் ஒருமுறை வெந்நீரில் சோப்புப் போட்டு ஊறவைத்துக் கழுவ வேண்டும். வழியாத எண்ணெய் தகட்டிலேயே இறுகிவிடும்.

கரி ஃபில்டர் வாசனையைப் பிடிப்பதற்கு. காற்றை வெளியே அனுப்பாமல் அறைக்கே திருப்பும் சிம்னியில் இருக்கும். சாதாரணக் கரியின் நுண்துளைகளில் எண்ணெய் படிந்தால் கழுவி மீட்க முடியாது. புதிதாக மாற்றத்தான் வேண்டும்.