உறுமுகிறது, சுற்றவில்லை

அக்கா வீட்டு 2 லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர் மூன்று வாரமாகவே அறிகுறி காட்டிக்கொண்டிருந்தது. காலியாகப் போட்டால் சுற்றும். ஊறிய அரிசியைப் போட்டுவிட்டு சுவிட்சைத் தட்டினால் "ம்ம்ம்" என்று உறுமி நிற்கும். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் காலியாகவும் சுற்ற மறுத்தது. உடனே சுவிட்சை அணைக்கச் சொன்னேன். சுற்றாமல் நிற்கும் மோட்டார், ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். ஓரிரு நிமிடம் அப்படியே விட்டால், பத்து நிமிட வேலையாக இருந்தது காயில் கட்டும் செலவில் முடிந்துவிடும்.

உறுமுவதிலிருந்தே ஒன்று தெரிகிறது: மோட்டாருக்குக் கரண்ட் வருகிறது. பிறகு ஏன் சுற்றவில்லை? வீட்டுக்கு வருவது சிங்கிள் ஃபேஸ். அதை ஒரே காயிலில் செலுத்தினால் காந்தப்புலம் ஒரே கோட்டில் முன்னும் பின்னுமாக மாறிக்கொண்டிருக்குமே தவிர, வட்டமாகச் சுழலாது. நின்றிருக்கும் ரோட்டருக்கு எந்தப் பக்கம் போவது என்பதே தீர்மானமாகாமல், இடத்திலேயே அதிரும். அதனால்தான் உள்ளே இரண்டாவது காயில் ஒன்றை, முதலாவதுக்குக் குறுக்காகச் சுற்றி, கெப்பாசிட்டர் வழியாக இணைத்திருக்கிறார்கள். கெப்பாசிட்டர் அந்தக் காயிலின் கரண்டை முன்னதாகவே எழ வைக்கிறது. இரண்டு காயிலும் ஒன்றன்பின் ஒன்றாக இழுப்பதால் புலம் சுழல்கிறது, ரோட்டரும் கூடவே கிளம்புகிறது.

இதில் நல்ல சோதனை ஒன்று ஒளிந்திருக்கிறது. ப்ளக்கைப் பிடுங்கி, கல்லை எடுத்துவிட்டு, டிரம்மைக் கையால் சுற்றிப் பார்த்தேன். இலகுவாகச் சுற்றியது. இறுகியிருந்தால் பேரிங்கையோ பெல்ட்டையோதான் பார்க்கவேண்டும். கெப்பாசிட்டரை மாற்றிப் பயனில்லை. பிறகு, காலில் செருப்போடு, காய்ந்த மரக்கரண்டியால் டிரம்மைத் தள்ளிவிட்டபடி, அக்காவை சுவிட்சைப் போடச் சொன்னேன். தள்ளிய பக்கமாகவே வேகம் பிடித்து ஓடியது. எதிர்ப்பக்கம் தள்ளினாலும் ஓடியது. முதல் காயில் வேலை செய்கிறது, இரண்டாவது காயிலின் உதவிதான் கிடைக்கவில்லை என்று இதற்குப் பொருள். கெப்பாசிட்டர் போயிருக்கலாம், இல்லை அந்தக் காயிலே அறுந்திருக்கலாம்.

ப்ளக்கைப் பிடுங்கி அடிமூடியைத் திறந்தேன். மோட்டாருக்குப் பக்கத்தில் உருளையாக இருப்பது கெப்பாசிட்டர். 10 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் என்று எழுதியிருந்தது. தொடுவதற்கு முன்பு அதன் இரண்டு முனைகளையும் பழைய குண்டு பல்பின் வயர்களால் சில நொடி இணைத்து, தேங்கிய மின்னூட்டத்தை இறக்கினேன். சிலர் ஸ்க்ரூடிரைவரை வைத்து "பட்" என்று வெடிக்கவிடுவார்கள். பொறி பறக்கும், கெப்பாசிட்டரும் கெடலாம். ஒரு முனையைக் கழற்றி, மல்டிமீட்டரைக் கெப்பாசிட்டர் அளவில் வைத்துப் பார்த்தேன்: 5.8.

எழுதியிருக்கும் அளவிலிருந்து பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தாலே மாற்றிவிடுவது நல்லது. இது பாதிக்குச் சற்று மேலேதான் இருந்தது. இந்தக் கெப்பாசிட்டருக்குள் இருப்பது மெல்லிய உலோகம் பூசிய பிளாஸ்டிக் தாள். எங்காவது ஒரு புள்ளியில் தாள் ஓட்டையானால், அந்த இடத்து உலோகம் ஆவியாகி, பழுது தானே அடைபட்டுவிடும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பரப்பு போகும், அளவு குறையும். முதலில் மாவின் பாரத்தோடு கிளம்ப முடியாமல் போய், கடைசியில் காலியாகவும் கிளம்பாததற்குக் காரணம் இதுதான். சாயங்காலம் வோல்டேஜ் 180க்கு இறங்கும் ஊர்களில் இது இன்னும் சீக்கிரம் வெளிப்படும். மோட்டாரின் கிளம்பும் பலம் வோல்டேஜின் வர்க்கத்தோடு குறைவதால், 230இல் இருந்த பலத்தில் ஏறத்தாழ 60 சதவீதம்தான் அப்போது மிஞ்சும்.

கெப்பாசிட்டர் கெட்டது தெரிந்தாலும் காயிலைச் சோதிக்காமல் விடக்கூடாது, பலமுறை உறுமி நின்ற மோட்டார் அது. மோட்டாரிலிருந்து மூன்று வயர்கள் வந்தன. மற்ற இணைப்புகளைக் கழற்றி, இரண்டிரண்டாக ஓம் அளந்தேன்: 42, 65, 107. முதல் இரண்டையும் கூட்டினால் மூன்றாவது வருகிறது. இரண்டு காயிலும் அறுபடவில்லை. (இந்த எண்கள் மோட்டாருக்கு மோட்டார் மாறும், கூட்டுக்கணக்கு மாறாது.) எங்காவது `OL` என்று வந்திருந்தால் காயில் அறுந்திருக்கிறது. அடுத்து ஒவ்வொரு வயரையும் மோட்டார் பாடியோடு சேர்த்து, மீட்டரின் மிக உயர்ந்த ஓம் அளவில் பார்த்தேன். அங்கே `OL` வருவதுதான் நல்லது. எண் ஏதாவது காட்டினால் கரண்ட் பாடிக்குக் கசிகிறது, அந்த கிரைண்டரைத் தொடவே கூடாது. ஒன்றை மட்டும் மீட்டர் காட்டிக்கொடுக்காது: காயிலுக்குள் நாலைந்து சுற்று ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் ஓம் அளவில் பெரிதாக வித்தியாசம் தெரியாது. காலியாக ஓடும்போதே சீக்கிரம் சுடுவதும், வார்னிஷ் கருகும் வாடையும்தான் அதற்கு அடையாளம்.

கடையில் அதே 10 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் கேட்டு வாங்கினேன். 250 வோல்ட் போதாதா என்று அக்கா கேட்டாள். ஓடும்போது கெப்பாசிட்டரின் முனைகளுக்கு இடையே வீட்டு வோல்டேஜைவிட அதிகமாகவே நிற்கும், 250 அதைத் தாங்காது. வோல்ட் கூடலாம், குறையக்கூடாது. மைக்ரோஃபாரட் மாறவே கூடாது. கழற்றுவதற்கு முன்பு போனில் எடுத்த படத்தைப் பார்த்து வயர்களை மாட்டினேன். இரண்டு காயில்களின் வயர்கள் இடம் மாறினால் டிரம் எதிர்ப்பக்கம் சுற்றும். மூடியைப் பூட்டி, முதலில் காலியாக, பிறகு கல்லோடு, கடைசியில் ஊறிய அரிசியோடு போட்டுப் பார்த்தோம். மூன்று தடவையும் தட்டியவுடன் கிளம்பியது. அரை மணி நேரம் அரைத்தபின் மோட்டாரில் கருகல் வாடை இல்லை, சூடும் வழக்கமான அளவுதான்.