டீலரின் கை படாத தாள்

வங்கியின் டீலிங் ரூமில் ஒரு டீலர் சில விநாடிகளில் கோடிக்கணக்கான டாலரை வாங்கவோ விற்கவோ ஒப்புக்கொண்டுவிடலாம். அவர் பேச்சு முடிந்ததும் அவருடைய வேலையும் முடிந்துவிட வேண்டும். அந்த டீலை எதிர்த்தரப்பு வங்கியிடம் கேட்டு உறுதி செய்வது, பணம் அனுப்புவது, கணக்கில் ஏற்றுவது எல்லாம் பேக் ஆபீஸின் பொறுப்பு. வரம்பு மீறப்படுகிறதா என்று பார்ப்பது இருவரையும் சாராத இன்னொரு குழுவின் வேலை. தணிக்கைக்கு வருபவர் இந்த ஏற்பாடு காகிதத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. ஒவ்வொரு எண்ணும் ஒவ்வொரு தாளும் யார் கை வழியாக வந்தது என்று தேட வேண்டும்.

இதைத் தேடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் இருந்த ஆல்ஃபர்ஸ்ட் வங்கி உதாரணம். அயர்லாந்தின் அலைட் ஐரிஷ் பேங்க்ஸுக்குச் சொந்தமான அந்த வங்கியில் ஜான் ருஸ்னாக் என்ற ஒரே டீலரால் ஏற்பட்ட 69 கோடி டாலர் நஷ்டம் 2002 பிப்ரவரியில் வெளிவந்தது. அங்கே பேக் ஆபீஸ் தனியாகத்தான் இருந்தது. வரம்பும் இருந்தது.

யென் மதிப்பு ஏறும் என்று நம்பி ருஸ்னாக் செய்த டீல்கள் நஷ்டத்தில் விழுந்தன. அதை மறைக்க, நடக்கவே நடக்காத ஆப்ஷன் டீல்களை ஜோடி ஜோடியாகக் கணினியில் பதிந்தார். ஒன்று விற்றதாக, இன்னொன்று வாங்கியதாக. இரண்டுக்கும் ஒரே எதிர்த்தரப்பு, ஒரே நாணயம், ஒரே விலை, ஒரே பிரீமியம். விற்றதாகக் காட்டியது அன்றைக்கே காலாவதியாகும். வாங்கியதாகக் காட்டியது சுமார் ஒரு மாதம் நிற்கும். விற்ற ஆப்ஷனுக்கான கடன் அன்று மாலையே புத்தகத்திலிருந்து மறைந்துவிட, வாங்கிய ஆப்ஷன் மட்டும் சொத்தாக மிஞ்சி உண்மையான நஷ்டத்தை மூடிக்கொண்டது.

பிரீமியம் வாங்கியதும் கொடுத்ததும் சமம் என்பதால் பணம் எதுவும் கைமாறவில்லை. அதைக் காரணம் காட்டி, ஆசிய வங்கிகளுடன் செய்யும் இத்தகைய ஜோடி டீல்களுக்குக் கன்ஃபர்மேஷன் தேவையில்லை என்று பேக் ஆபீஸை ருஸ்னாக் நம்பவைத்தார். ஆசிய வங்கிகளை அழைக்க நள்ளிரவில் விழித்திருக்க வேண்டும் என்பதும் அவருக்கு வசதியாகப் போயிற்று. கன்ஃபர்மேஷன் எதிர்த்தரப்பின் பேக் ஆபீஸிலிருந்து நம் பேக் ஆபீஸுக்கு நேராக வர வேண்டும். பணம் கைமாறாத டீலுக்கு அதுவே ஒரே சாட்சி. அங்கேதான் அது கைவிடப்பட்டது.

கன்ஃபர்மேஷன் இல்லாமலேயே ஒரு தணிக்கையாளர் இதைப் பிடித்திருக்க முடியும். ஒரு நாள் ஆயுள் உள்ள ஆப்ஷனுக்கும் ஒரு மாத ஆயுள் உள்ள ஆப்ஷனுக்கும் பிரீமியம் ஒன்றாக இருக்கவே முடியாது. நாள் கூடினால் விலை கூடும். மேலும், அன்றைக்கே காலாவதியான ஆப்ஷன்கள் வாங்கியவருக்குப் பெரும் லாபம் தரும் நிலையில் இருந்தும் யாரும் அதைக் கேட்டு வரவில்லை. லாபத்தை வேண்டாம் என்று விடும் வங்கி எங்கும் கிடையாது.

வரம்பு எப்படி ஏமாந்தது என்பதும் இதே கதைதான். அவருக்கு இருந்த இடர் வரம்பு 15.5 லட்சம் டாலர். அதைக் கணக்கிட, நேரம் கடந்து செய்ததால் இன்னும் கணினியில் ஏறாத டீல்கள் என்று ருஸ்னாக்கே ஒரு பட்டியல் கொடுத்தார். அவை பின்னர் ஏறினவா என்று யாரும் பார்க்கவில்லை. அந்தப் போலி டீல்கள் ஆபத்தைக் குறைத்துக் காட்டின. அன்றாட மதிப்பீட்டுக்கான செலாவணி விலைகளும் அவருடைய கணினியில் இருந்த எக்செல் தாள் வழியாகவே பேக் ஆபீஸுக்குப் போயின. ராய்ட்டர்ஸிலிருந்து நேரடி இணைப்பு பெற 10,000 டாலர் ஆகும் என்று அதைத் தவிர்த்திருந்தார்கள். ஆகவே வரம்பறிக்கை சரியாக இருக்கிறது என்பதோடு தணிக்கை நிற்கக் கூடாது. அறிக்கைக்குப் போன டீல் பட்டியலையும் விலையையும் வெளியிலிருந்து தனியாகப் பெற்று மறுபடி கணக்கிட வேண்டும்.

மாதிரி டீல்களை எடுக்கும்போதும் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பது பயன் தராது. கன்ஃபர்மேஷன் வராதவை, பதிந்த பிறகு திருத்தவோ ரத்து செய்யவோ பட்டவை, பணம் கைமாறாதவை, அலுவலக நேரம் கடந்து பதிந்தவை ஆகியவற்றை முதலில் எடுக்க வேண்டும். எடுத்த டீல்களை எதிர்த்தரப்பிடம் தணிக்கையாளரே கேட்க வேண்டும். அதற்கான தொலைபேசி எண்ணையும் டீலரிடமிருந்து வாங்கக் கூடாது.

ஆல்ஃபர்ஸ்டில் கடைசியில் நடந்தது அதுதான். 2002 ஜனவரி இறுதியில் பேக் ஆபீஸ் மேற்பார்வையாளர் ஒருவர் கன்ஃபர்மேஷன் இல்லாத இரண்டு டீல் சீட்டுகளைக் கண்டார். எல்லா டீலையும் உறுதி செய்யச் சொன்னார். ஊழியர்கள் இரவில் ஆசிய வங்கிகளை அழைத்தபோது, அப்படி எந்த டீலும் இல்லை என்ற பதில் வந்தது. ருஸ்னாக் கொண்டுவந்து கொடுத்த கன்ஃபர்மேஷன்களும் போலி என்று சந்தேகம் எழுந்தது. அடுத்த திங்கட்கிழமை அவர் வேலைக்கு வரவில்லை.