உச்சியும் பள்ளமும் சொல்லும் சேதி

2024 செப்டம்பர் 27 அன்று நிஃப்டி 26,277 வரை போனது. பிறகு இறங்கி நவம்பரில் 23,263-ஐத் தொட்டது. 'மலிவாகக் கிடைக்கிறது' என்று அப்போது வாங்கியவர்கள் பலர். டிசம்பர் தொடக்கத்தில் ஏறவும் செய்தது. ஆனால் 24,850-க்கு அருகிலேயே மூச்சு வாங்கியது. பழைய உச்சியை நெருங்கக்கூட இல்லை. ஜனவரி இறுதியில் 22,800-க்கும் கீழே வந்தது. பிப்ரவரி ஏற்றம் 23,800-இல் நின்றது. மார்ச் 4-இல் 21,964.

இந்த எண்களில் உச்சிகளை மட்டும் வரிசையாகப் பாருங்கள்: ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கீழே. பள்ளங்களும் அப்படியே. இதுதான் டவுன்ட்ரெண்ட். நடுவில் ஒரு வாரம் பச்சையாக முடிந்தாலும் கணக்கு மாறாது. இப்படிப்பட்ட சந்தையில் விலை குறையக் குறைய வாங்கிச் சராசரியைக் குறைப்பதுதான், என் கண்ணில், சிறு முதலீட்டாளர் செய்யும் பெரிய தவறு. பியூச்சர்ஸில் இருப்பவர் ஏற்றம் தளரும் இடத்தில் விற்று, கடைசி உச்சிக்குச் சற்று மேலே ஸ்டாப் லாஸ் வைப்பார். பங்குகளை மட்டும் வாங்கி விற்பவர் அவற்றை ஷார்ட் செய்து அடுத்த நாளுக்குக் கொண்டுபோக முடியாது. அவருக்குக் கையைக் கட்டிக்கொண்டிருப்பதே வியாபாரம்.

எல்லாம் இவ்வளவு தெளிவாக நடக்காது. மார்ச் 25 அன்று நிஃப்டி பிப்ரவரி உச்சியைக் கொஞ்சம் தாண்டியது. 'இறக்கம் முடிந்தது' என்று தோன்றிய நேரம். ஏப்ரல் 7-இல் 21,743-க்குச் சரிந்து மார்ச் பள்ளத்தையும் உடைத்தது. ஓர் உச்சியைத் தாண்டினால் போதாது. அடுத்த பள்ளம் முந்தைய பள்ளத்துக்கு மேலே நிற்கிறதா என்று பார்த்த பிறகே அப்ட்ரெண்ட் என்று சொல்லலாம். அது மே மாதம் நடந்தது: மே 9 சரிவு 23,900-க்கு மேலேயே நின்று திரும்பியது. அங்கே வாங்கியவருக்கு அந்தப் பள்ளத்தின் கீழ் ஸ்டாப் லாஸ் வைக்க இடமிருந்தது. அப்ட்ரெண்டில் சிறு லாபத்துக்கு அவசரப்பட்டு விற்காமல், புதிய பள்ளம் உருவாக உருவாக ஸ்டாப் லாஸை மேலே நகர்த்துவதே வழி.

அடுத்து ஆறு வாரங்கள் சந்தை நகரவில்லை. மே 12-க்குப் பின் ஏறக்குறைய 24,450-க்கும் 25,200-க்கும் இடையிலேயே ஊசலாடியது. இந்த சைட்வேஸில் ட்ரெண்டுக்கான உத்தி அப்படியே தலைகீழாகிவிடும். கீழ் விளிம்பில் வாங்கி மேல் விளிம்பில் விற்க வேண்டும். நடுவில் எதுவும் செய்யக் கூடாது. ஜூன் 11 அன்று 25,222 வரை போனதைப் பார்த்து 'உடைத்துவிட்டது' என்று வாங்கியவர், ஜூன் 13-இல் 24,473-ஐப் பார்த்தார். நாள் நடுவே தொட்ட விலையை நம்பாமல், விளிம்புக்கு வெளியே நாள் முடிகிறதா என்று காத்திருந்தால் இந்த நஷ்டம் வந்திருக்காது. அப்படிக் காத்திருந்தவருக்கு ஜூன் 26-இல் விடை கிடைத்தது: அன்று நிஃப்டி 25,549-இல் முடிந்தது.