அசல் எங்கே, நகல் எங்கே?

அரசு கலைக் கல்லூரியில் சேர்க்கை நாள். சரிபார்ப்பு மேசையில் நான் இருந்தேன். ஒரு மாணவி நீட்டிய கோப்பில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஒவ்வொரு நகலிலும் தலைமை ஆசிரியர் கையெழுத்து, முத்திரை. தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்புறம் மை அழுந்திய தடமே இல்லை. ஒரு செட்டுக்கு மட்டும் சான்றொப்பம் வாங்கி, அதையே ஜெராக்ஸ் போட்டிருக்கிறார்கள்.

"கையெழுத்து இருக்குதே சார்" என்றார் அப்பா. இருந்தது கையெழுத்தின் படம்.

'அசலைப் பார்த்தேன், இந்த நகல் அதோடு ஒத்துப்போகிறது' என்று ஓர் அதிகாரி தரும் சாட்சிதான் சான்றொப்பம். அதனால் ஒவ்வொரு தாளிலும் அவர் புதிதாகக் கையெழுத்திட வேண்டும். அசல் போலியா, அதிலுள்ள விவரம் சரியா என்பதற்கெல்லாம் அவர் பொறுப்பேற்பதில்லை. அதனால்தான் சான்றொப்பமிட்ட நகல் இருந்தாலும் கல்லூரி அசலைக் கேட்கிறது. ஒப்பிட்டுப் பார்த்ததும் நகல் கோப்புக்குப் போகும். அசல் உங்கள் கைக்கு வர வேண்டும். மதிப்பெண் பட்டியல் போன்ற அசல்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்திருக்கிறது.

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல்கள், டி.சி., சாதிச் சான்றிதழ், ஆதார், புகைப்படங்கள் ஆகியவை பொதுவாகக் கேட்கப்படும். உதவித்தொகைக்கு வருமானச் சான்றிதழ், சலுகை கோருவோருக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ் என்று சிலருக்குக் கூடுதலாகச் சேரும். பிளஸ் டூ அசல் பட்டியல் வருவதற்குள் சேர்க்கை தொடங்கிவிட்டால் தற்காலிகப் பட்டியலைக் காட்டலாம். இ-சேவையில் வாங்கிய சாதிச் சான்றிதழின் எண்ணைக் கொண்டு இணையத்திலேயே சரிபார்க்க முடியும்.

டி.சி. மட்டும் வேறு சாதி. அதன் அசலைக் கல்லூரியே எடுத்துக்கொள்ளும். ஒரே மாணவர் இரண்டு இடங்களில் சேர்ந்திருக்காமல் பார்த்துக்கொள்ள அதுவும் ஒரு வழி. ஆகவே அதைக் கொடுப்பதற்கு முன்பே இரண்டு மூன்று நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கேட்டால் உடனே கிடைக்காது.

அந்த மாணவியின் கோப்பில் இன்னொரு சிக்கலும் இருந்தது. மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் 'க', டி.சி.யில் 'கா'. புதிதாக எத்தனை சான்றொப்பம் வாங்கினாலும் நகலில் அந்தத் துணைக்கால் போகாது, ஏனென்றால் தவறு அசலில் இருக்கிறது. பள்ளிக்கே போய், பத்தாம் வகுப்புப் பட்டியலைக் காட்டி டி.சி.யைத் திருத்தி வரச் சொன்னேன். சான்றொப்பத்துக்கு அவர்கள் அலைய வேண்டியிருக்கவில்லை. மற்ற அசல்கள் கையிலேயே இருந்ததால், எங்கள் பேராசிரியர் ஒருவர் ஒப்பிட்டுப் பார்த்துப் பத்தே நிமிடத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.