லிஃப்ட் ஏ.எம்.சி.: கையெழுத்துக்கு முன் கடைசிப் பக்கம்

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களில் லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது பேச்செல்லாம் தொகையைப் பற்றித்தான். போன வருடம் எவ்வளவு, இந்த வருடம் எவ்வளவு ஏற்றியிருக்கிறார்கள், கொஞ்சம் குறைப்பார்களா? கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் ‘இவை அடங்காது’ பட்டியலை யாரும் படிப்பதில்லை. பெரிய பில் வருவதோ அங்கிருந்துதான்.

ஒப்பந்தம் பொதுவாக இரண்டு வகை. சாதா ஒப்பந்தத்தில் மெக்கானிக்கின் வேலை, எண்ணெய், கிரீஸ் மட்டும் சேரும். உதிரிபாகத்துக்குத் தனிக் காசு. காம்ப்ரிஹென்சிவ் என்பதில் உதிரிபாகமும் சேரும். இரண்டாவதை ‘முழுப் பொறுப்பு’ என்று விற்பார்கள். அந்த ‘முழு’வை அப்படியே நம்பிவிடக் கூடாது.

ஐந்து மாடி, ஒரு லிஃப்ட் உள்ள ஒரு குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். சாதா ஒப்பந்தம் ஆண்டுக்கு 30,000 ரூபாய், காம்ப்ரிஹென்சிவ் 55,000. இரண்டுக்கும் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. தனி. சங்கம் 55,000-க்குக் கையெழுத்துப் போடுகிறது. நவம்பர் மழையில் லிஃப்ட் குழிக்குள் ஒரு முழம் தண்ணீர். குழியின் அடியில் உள்ள பாதுகாப்பு சுவிட்சுகள் நனைந்து லிஃப்ட் நின்றுவிடுகிறது. அடுத்த வாரம், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவும் எரிந்துபோகிறது. இரண்டுக்குமே கம்பெனி தனி எஸ்டிமேட் அனுப்புகிறது. தண்ணீர் புகுந்த சேதமும் வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தால் வரும் சேதமும் ஒப்பந்தத்தில் அடங்காது என்பது அவர்கள் பதில். பெரும்பாலான ஒப்பந்தங்களில் அப்படித்தான் எழுதியிருக்கும். ஏ.ஆர்.டி. பேட்டரி, கேபின் விளக்கு, மின்விசிறி ஆகியவையும் பல இடங்களில் விலக்குதான். கம்பி வடத்தைச் சேர்த்திருக்கிறார்களா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

தண்ணீர் விலக்கில் நியாயம் உண்டு. குழியில் கசிவு வராமல் பார்ப்பது கட்டட உரிமையாளர் வேலை. ஆனால் மாதாமாதம் குழியைப் பார்க்கும் மெக்கானிக் ஈரத்தைக் கண்டால் சர்வீஸ் ரிப்போர்ட்டில் எழுத வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடலாம். எழுதாமல் விட்டிருந்தால் சங்கத்துக்கு வாதாட ஒரு பிடி கிடைக்கும். வோல்டேஜ் விஷயத்தில் இன்னும் கறாராக இருக்கலாம். டிரைவ் தன் கோளாறுகளைக் குறியீடுகளாகப் பதிந்துவைத்திருக்கும். வோல்டேஜ்தான் காரணம் என்றால் அந்தப் பதிவைக் காட்டச் சொல்லுங்கள். போர்டு முழுக்கக் கருகிவிட்டால் பதிவும் கிடைக்காது. அப்போது காரணத்தை யார் முடிவு செய்வது என்பதையும் முன்கூட்டியே எழுதிக்கொள்வது நல்லது.

வருகை விஷயத்துக்கு வருவோம். ‘ஆண்டுக்கு 12 வருகை’ என்று இருக்கும். வந்தவர் வாசல் பள்ளத்தைத் துடைத்துவிட்டு வாட்ச்மேனிடம் கையெழுத்து வாங்கிப் போனாலும் அது ஒரு வருகைதான். உண்மையான சர்வீஸ் என்றால் லிஃப்டை நிறுத்தி, இன்ஸ்பெக்ஷன் முறைக்கு மாற்றி, மெக்கானிக் கேபின் மேல் ஏறுவார். கதவுப் பூட்டு, பிரேக், வடம் எல்லாம் பார்ப்பார், குழிக்குள்ளும் இறங்குவார். பத்து நிமிடத்தில் முடிகிற வேலையல்ல. ஒரு சோதனையைச் சங்கச் செயலாளர் எதிரிலேயே செய்யச் சொல்லலாம்: லிஃப்ட் ஓடும்போது மெயினை அணைத்தால், ஏ.ஆர்.டி. அதை மெதுவாக ஒரு மாடியில் கொண்டுவந்து நிறுத்திக் கதவைத் திறக்க வேண்டும். திறக்கவில்லையென்றால் பெரும்பாலும் பேட்டரி போயிருக்கும். யாரும் உள்ளே இல்லாதபோது செய்வது முக்கியம்.

‘நான்கு மணி நேரத்தில் வருவோம்’ என்ற வரியில் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. எப்போதிலிருந்து நான்கு மணி? போன் செய்த நேரத்திலிருந்தா, புகார் எண் கொடுத்ததிலிருந்தா? ஞாயிறு இரவுக்கும் இது பொருந்துமா, அலுவலக நேரத்துக்கு மட்டுமா? வருவதா, சரிசெய்து ஓட்டிக் கொடுப்பதா? பல ஒப்பந்தங்களில் உறுதி தருவது வருவதற்கு மட்டும்தான். வந்து பார்த்து ‘போர்டு சென்னையிலிருந்து வரணும் சார்’ என்று சொல்லிவிட்டால் அவர்கள் கடமை முடிந்தது. ஆகவே குறிப்பிட்ட நாட்களுக்கு மேல் லிஃப்ட் நின்றால் அந்த நாட்களுக்கான தொகையைக் கழிப்பது என்று சேர்க்கச் சொல்ல வேண்டும். கேட்டால்தான் தருவார்கள்.

ஆள் உள்ளே மாட்டிக்கொண்டால் கதையே வேறு. அதற்கு எந்த நேரமானாலும், எந்த நாளானாலும் பொருந்தும்படி தனிக் கெடு வேண்டும்; நான்கு மணி நேரம் செல்லாது. பயிற்சி இல்லாத வாட்ச்மேன் சாவி போட்டுக் கதவைத் திறப்பது ஆபத்து. கேபின் இரண்டு மாடிக்கு நடுவே நின்றிருந்தால், வெளியே குதிப்பவர் கேபினுக்கும் தரைக்கும் இடையிலுள்ள சந்து வழியாகக் குழிக்குள் விழுந்துவிடலாம். மீட்பு முறையை இரண்டு பேருக்காவது கம்பெனியே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதையும் ஒரு வரியாகச் சேர்க்கலாம்.

பணத்தை ஆண்டுக்கு முன்கூட்டியே மொத்தமாகக் கொடுக்காமல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ் ரிப்போர்ட்டைப் பார்த்துக் கொடுப்பது உத்தமம். சில கன்ட்ரோலர்களைத் தயாரித்த கம்பெனியின் கருவியோ கடவுச்சொல்லோ இல்லாமல் வேறு மெக்கானிக் தொட முடியாது. ஒப்பந்தம் முடியும்போது அதை ஒப்படைப்பார்களா என்று புதுப்பிக்கும் நாளிலேயே கேட்டுவிட வேண்டும். ஆளை மாற்றத் தீர்மானித்த பிறகு கேட்டால் பதில் வராது.